20 லட்சம் வரை வரியில்லை என்றார்களே, பிறகு ஏன் பிடித்தார்கள்?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் இரசாயனத் தொழிற்சாலையில் 3 பிப்ரவரி 1991-ல் சேர்ந்து, 58 வயதில் 31 ஆகஸ்ட் 2025 அன்று ஓய்வு பெற்றேன். கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 78,000 ரூபாய். மார்ச் வரை அது 73,000. மற்ற படிகள் சேர்த்து மாதம் 1,08,000 வாங்கினேன். கம்பெனி விதிப்படி கிராஜுவிட்டி 21 லட்சம் வந்தது. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. 240 நாள் மீதியிருந்ததற்கு 8,64,000 கொடுத்தார்கள். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரியில்லை என்கிறார்கள். ஆனால் எனக்கு 5,25,000-க்கு வரி போட்டிருக்கிறார்கள். விடுப்புப் பணத்தில் 3 லட்சத்துக்கு மட்டும் விலக்கு தந்து மீதிக்கு வரி. மொத்தம் 1,17,624 பிடித்துவிட்டார்கள். கேட்டால் "சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுக்கிறது" என்கிறார்கள். என் மைத்துனர் புதுச்சேரி அரசு வேலையில் ஓய்வு பெற்றார். அவருக்கு ஒரு பைசா பிடிக்கவில்லை. கைக்கு வந்ததில் 20 லட்சத்தை அக்டோபரில் 7 சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டிருக்கிறேன். எனக்குப் பணம் திரும்ப வருமா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: வரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து இல்லை. கிராஜுவிட்டியில் உங்கள் கம்பெனி போட்ட கணக்கு சரி. விடுப்புப் பணத்தில் போட்டது தவறு.

முதலில் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுவோம். மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்குப் பணிக்கொடையும் ஓய்வின்போது வரும் விடுப்புச் சம்பளமும் முழுக்க வரிவிலக்கு பெற்றவை. அவர்களுக்கு வரம்பே கிடையாது. அவரோடு உங்கள் கணக்கை ஒப்பிட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெய்வேலி பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: பொதுத்துறை நிறுவனமும் அரசு வாரியமும் கழகமும் இந்தச் சலுகைக்கு 'அரசு' ஆகாது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் உங்களுக்கான விதிதான்.

இப்போது கிராஜுவிட்டி. 20 லட்சம் என்பது எல்லோருக்கும் கிடைக்கும் விலக்கு இல்லை. விலக்கு அதைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு. சட்டம் மூன்று தொகைகளை எடுத்து அவற்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு தருகிறது. ஒன்று, உங்கள் கைக்கு வந்த கிராஜுவிட்டி. இரண்டு, 20 லட்சம். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கிராஜுவிட்டிச் சட்டத்தின் சூத்திரப்படி எவ்வளவு வருகிறதோ அது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும்.

உங்களுக்கு 78,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 3,000. பதினைந்து நாளைக்கு 45,000. பணிக்காலம் 34 வருடம், 6 மாதம், சில நாட்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சத்தை ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் 35 வருடம். ஆகவே

15 ÷ 26 × 78,000 × 35 = 15,75,000

உங்களுக்கு வந்தது 21 லட்சம். அதாவது கம்பெனி வருடத்துக்கு 15 நாள் சம்பளத்துக்குப் பதிலாக 20 நாள் சம்பளம் கணக்கிட்டிருக்கிறது. 60,000-ஐ 35-ஆல் பெருக்கினால் சரியாக 21 லட்சம் வரும். நல்ல மனது, சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனி தாராளமாகக் கொடுத்த அந்த ஐந்து நாள் பங்குக்கு வருமான வரியில் விலக்கு கிடையாது. மூன்றில் குறைந்தது 15,75,000 என்பதால் மீதி 5,25,000 சம்பள வருமானமாக வரிக்குள் வருகிறது. 20 லட்சம் என்ற எண் உங்கள் கணக்கைத் தொடவே இல்லை. 35 வருடம் பணி செய்தவருக்குச் சூத்திரத் தொகை 20 லட்சத்தைத் தாண்ட வேண்டுமானால் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 99,000-க்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த எண் வேலை செய்யத் தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் '25 லட்சம்' பற்றியும் நீங்கள் கேட்க வாய்ப்பிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் பணிக்கொடை உச்சவரம்பு 1 ஜனவரி 2024 முதல் 25 லட்சமானது. அது அவர்களுக்குக் கொடுக்கப்படும் தொகையின் வரம்பு. தனியார் ஊழியருக்கு வரிவிலக்கின் உச்சவரம்பு மார்ச் 2018-ல் வைத்த 20 லட்சமேதான். குழப்பம் இதோடு நிற்காமல், விடுப்புப் பணத்துக்கான வரம்பும் 25 லட்சம் என்று இருக்கிறது. அங்கேதான் உங்கள் கம்பெனி சறுக்கியிருக்கிறது.

தனியார் ஊழியரின் விடுப்புப் பணத்துக்கு 3 லட்சம் என்ற வரம்பு 2002-ல் வைத்தது. இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்தது. 24 மே 2023 தேதியிட்ட 31/2023 எண் அறிவிக்கையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் அதை 25 லட்சமாக உயர்த்தியது. 1 ஏப்ரல் 2023 முதலே அமலுக்கு வந்தது. நீங்கள் ஓய்வு பெற்றது 2025 ஆகஸ்டில். உங்கள் கணக்கில் 3 லட்சம் என்ற எண்ணுக்கு இடமே இல்லை. சம்பள மென்பொருளில் பழைய உச்சவரம்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, யாரும் மாற்றவில்லை. ஓய்வு பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராக இருக்கும் இடங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் வரம்பு 25 லட்சம் என்பதற்காக 8,64,000 முழுவதும் விலக்காகிவிடாது. இங்கேயும் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். இம்முறை நான்கு தொகைகளில்.

கைக்கு வந்தது 8,64,000. உச்சவரம்பு 25 லட்சம். மற்ற இரண்டுக்கும் 'சராசரிச் சம்பளம்' தேவை. கிராஜுவிட்டிக்குக் கடைசி மாதச் சம்பளம் போதும். விடுப்புக்கு ஓய்வுக்கு முந்தைய பத்து மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். உங்களுக்கு அது 2024 நவம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரை. அதில் ஐந்து மாதம் 73,000, ஐந்து மாதம் 78,000. சராசரி 75,500. இதிலும் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும்தான் சேரும். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி எதுவும் வராது. பஞ்சப்படியும் ஓய்வுப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படும் வகையாக இருக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கே அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

மூன்றாவது தொகை, இந்தச் சராசரியின் பத்து மடங்கு: 7,55,000. நான்காவது, மீதியிருக்கும் விடுப்பின் மதிப்பு. 240 நாள் என்றால் எட்டு மாதம்.

75,500 × 8 = 6,04,000

நான்கில் குறைந்தது இதுதான். ஆக விலக்கு 6,04,000. வரிக்குள் வருவது 2,60,000. கம்பெனி வரி போட்டது 5,64,000-க்கு. வித்தியாசம் 3,04,000.

கம்பெனி உங்களுக்கு ஒரு நாளைக்கு 3,600 ரூபாய் வீதம், அதாவது படிகள் உட்பட 1,08,000-ஐ 30-ஆல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. சட்டமோ 75,500-ஐ வைத்துத்தான் பார்க்கிறது. அதனால்தான் 25 லட்சம் வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாமலேயே 2,60,000 வெளியே நிற்கிறது. கிராஜுவிட்டியில் நடந்ததும் இதுவேதான்: கம்பெனியின் கை நீளம், சட்டத்தின் அளவுகோல் குட்டை.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. நல்லவேளை, உங்களுக்கு அது இல்லை. வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே விலக்குக் கணக்குக்கு வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. 45 நாள் வீதம் சேர்ந்ததை 30 நாள் வீதம் திருப்பிப் போட்டு, எடுத்த விடுப்பைக் கழித்தால், ஏட்டில் 240 நாள் இருப்பவருக்கு விலக்குக்கான மீதி பூஜ்யமாகக்கூட வரலாம். வேலையில் இருக்கும்போதே சரண்டர் செய்து வாங்கிய விடுப்புப் பணத்துக்கு விலக்கே கிடையாது. அந்தந்த வருடமே முழு வரி கட்டியிருப்பீர்கள். அதனால் அது இந்த 25 லட்சத்தைக் குறைக்காது. முந்தைய கம்பெனியிலிருந்து விலகும்போது ஏற்கெனவே விலக்கு பெற்றிருந்தால்தான் 20 லட்சத்திலும் 25 லட்சத்திலும் அதைக் கழிக்க வேண்டும். 34 வருடமும் ஒரே இடத்தில் இருந்த உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, எவ்வளவு திரும்ப வரும்? புதிய வரிமுறையிலேயே பார்ப்போம். கிராஜுவிட்டி, விடுப்புப் பணம் ஆகியவற்றின் விலக்கு புதிய முறையிலும் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களைப் போன்ற வருமானத்துக்குப் பழைய முறையில் 80சி முழுவதும் கழித்தாலும் வரி இதைவிட அதிகமாகத்தான் வரும்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதச் சம்பளம் 5,40,000. அதோடு கிராஜுவிட்டியில் 5,25,000, விடுப்புப் பணத்தில் 2,60,000. கூட்டினால் 13,25,000. நிலையான கழிவு 75,000 போக 12,50,000. ஸ்லாப்படி வரி 67,500. ஆனால் 2025-26-ல் 12 லட்சம் வரை வரி இல்லை. அதைச் சிறிதளவு தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. நீங்கள் தாண்டியது 50,000. ஆகவே வரி 50,000, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 52,000. பிடித்தது 1,17,624. அப்படியானால் 65,624 திரும்ப வர வேண்டும்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறதே. 20 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் அக்டோபர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய 70,000 வட்டி சேரும். அதைச் சேர்த்தால் வருமானம் 13,20,000. ஸ்லாப்படி வரி 78,000. தாண்டிய தொகை 1,20,000 ஆகிவிட்டதால் அந்தச் சலுகை இனி இல்லை. செஸ்ஸோடு 81,120. அதாவது 70,000 வட்டிக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 29,120. பார்வைக்கு 15 சதவீத ஸ்லாப். உண்மையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போகிறது. வருமானம் 12 லட்சத்துக்கும் ஏறத்தாழ 12,70,000-க்கும் இடையில் இருக்கும்வரை கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகிறது. ஓய்வு பெறும் வருடத்தில் பலர் இந்தப் பட்டையில்தான் வந்து நிற்கிறார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆகவே யதார்த்தமான கணக்கு இது: கம்பெனி பிடித்த 1,17,624-ல் 81,120 போக 36,504 திரும்பும். வங்கி வட்டியில் 10 சதவீதம் பிடித்திருந்தால் அந்த ஏழாயிரமும் சேர்ந்து 43,504 வரும். செப்டம்பரிலிருந்து பி.எஃப். பென்ஷன் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் அதையும் சம்பள வருமானத்தில் சேருங்கள். அதற்கு ஆகும் வரியும் இந்தத் தொகையில் குறையும்.

கிராஜுவிட்டியில் வரிக்குள் வந்த 5,25,000-ஐ மூன்று முந்தைய வருடங்களுக்குப் பிரித்துப் போட்டுக் கணக்கிடும் ஒரு நிவாரணம் பிரிவு 89-ல் இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் பணி செய்தவர்கள் படிவம் 10இ தாக்கல் செய்து கேட்கலாம். உங்களுக்கு அது உதவாது. முந்தைய மூன்று வருடங்களிலும் பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள்; ஸ்லாப்புகளும் அப்போது இதைவிடக் கடுமை. சராசரி வரி விகிதம் இந்த வருடத்தைவிட அதிகமாகவே வரும். நிவாரணம் பூஜ்யம்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கம்பெனி கட்டிவிட்ட வரியைக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்க முடியாது. அது ஏற்கெனவே உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும். ஆனால் ஜனவரி-மார்ச் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையை அவர்கள் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். முழு வருடச் சம்பள விவரமும் விலக்குகளும் அதில்தான் போகின்றன. அதிலிருந்துதான் உங்கள் படிவம் 16 வரும். அதனால் இப்போதே கணக்குப் பிரிவுக்கு எழுத்தில், முடிந்தால் மின்னஞ்சலில், ஒரு வேண்டுகோள் கொடுங்கள். 31/2023 அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, மேலே போட்ட நான்கு தொகைகளையும் எழுதி, விடுப்பு விலக்கு 6,04,000 என்று திருத்தக் கேளுங்கள். சாஃப்ட்வேர் மறுத்தாலும் அந்த எண்ணைக் கையால் மாற்ற வழி இருக்கும். ஜூன் நடுவில் படிவம் 16 வரும்போது வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

திருத்தித் தரவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். வருமான வரிக் கணக்கில் நீங்களே சரியான விலக்கைக் கோரலாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: விலக்கு போக மீதியை மட்டும் சம்பளமாகக் காட்டிவிட்டு, கீழே விலக்கையும் ஒரு முறை கழிப்பது. அப்படிச் செய்தால் நோட்டீஸ் வரும். மொத்தச் சம்பளத்தில் எல்லாவற்றையும் போடுங்கள்: சம்பளம் 5,40,000, கிராஜுவிட்டி 21 லட்சம், விடுப்புப் பணம் 8,64,000, ஆகமொத்தம் 35,04,000. பிறகு விலக்குப் பகுதியில் பிரிவு 10(10)-ல் 15,75,000, பிரிவு 10(10ஏஏ)-வில் 6,04,000 என்று தனித்தனியாகக் காட்டுங்கள். மீதி 13,25,000 என்று வந்தால் சரி. வேறு சிக்கலான வருமானம் இல்லையென்றால் ஐடிஆர்-1 போதும். வட்டியை விட்டுவிடாதீர்கள், அது வங்கி மூலம் துறைக்கு ஏற்கெனவே தெரியும்.

படிவம் 16-ல் ஒரு தொகையும் கணக்கில் வேறு தொகையும் இருந்தால் துறை கேள்வி கேட்கலாம். அப்போது காட்ட நான்கு காகிதங்கள் கையில் இருக்கட்டும்: சேர்ந்த தேதியும் ஓய்வு தேதியும் உள்ள பணிச் சான்று, செட்டில்மென்ட் தாள், கடைசி பத்து மாதச் சம்பளச் சீட்டுகள், 240 நாள் விடுப்பு மீதி என்றும் வருடத்துக்கு 30 நாள் விதி என்றும் கம்பெனி எழுதித் தந்த கடிதம். இந்தக் கடைசிக் காகிதத்தைத்தான் யாரும் வாங்கி வைப்பதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். திருத்தக் கோரிக்கை கொடுக்கப் போகும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 'ஊதியம்' என்பதற்கான வரையறை மாறியிருக்கிறது. அதற்கு முன்பே ஓய்வு பெற்ற உங்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்குப் பின்னால் ஓய்வு பெறும் நண்பர்கள் தங்கள் கிராஜுவிட்டியை இந்தப் பதிலை வைத்துக் கணக்குப் போட்டால், முதலில் எந்தச் சம்பளத்தை எடுக்க வேண்டும் என்பதைக் கம்பெனியிடம் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.